ரமலான் மாத சஹர், நோன்புக் கஞ்சி, இஃப்தார்: மஹல்லா அறிவிப்பு

அஸ்ஸலாமு அலைக்கும் (வரஹ்).

இன்ஷா அல்லாஹ், ஹிஜ்ரி 1448 ரமலான் பிறை தெரிந்த இரவிலிருந்து மாதம் முழுவதும் நம் பள்ளிவாசலில் சஹர் சாப்பாடு, நோன்புக் கஞ்சி, இஃப்தார் மூன்றும் நடக்கும். பிறையைப் பொறுத்து முதல் நோன்பு 2027 பிப்ரவரி 8 திங்களாகவோ 9 செவ்வாயாகவோ இருக்கும். தலைமை காஜியின் அறிவிப்பு எவ்வளவு தாமதமாக வந்தாலும் அன்று இரவே அடுப்பு பற்றவைக்கப்படும். முதல் சஹர் உண்டா இல்லையா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம். எதற்கும் காசு கிடையாது.

நோன்புக் கஞ்சி அஸருக்குப் பிறகு, மாலை 4.45 முதல் 5.45 வரை. வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் தூக்குவாளியோ மூடி போட்ட பாத்திரமோ எடுத்து வரவும். சூடான கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தர மாட்டோம். பாத்திரம் இல்லாமல் வருகிறவர்களுக்குப் பள்ளிவாசல் வாளியிலேயே ஊற்றித் தருவோம், மறுநாள் திருப்பித் தந்தால் போதும். ஆண்கள் முன்வாசல் பக்கம், பெண்கள் மதரஸா பக்கத்து வாசல். அந்தப் பக்கம் ஊற்றுவதும் பெண்கள்தான். கறி போட்ட கஞ்சி ஒரு தேக்சாவிலும், கறி இல்லாத கஞ்சி இன்னொரு தேக்சாவிலும் இருக்கும். எது வேண்டும் என்று சொன்னால் போதும்.

இஃப்தார் மஃரிப் பாங்குக்கு. திருச்சியில் இந்த மாதம் அது ஏறக்குறைய 6.20-லிருந்து 6.30-க்குள் வரும். 6 மணிக்கெல்லாம் பந்திப் பாய் விரித்துவிடுவோம். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, வடை எல்லோருக்கும் ஒன்றே. நிர்வாகிகளுக்கும் விருந்தாளிகளுக்கும் என்று தனிப் பாய், தனித் தட்டு கிடையாது. வந்த வரிசையில் உட்காரவேண்டியதுதான்.

சஹர் சாப்பாடு அதிகாலை 3.30 முதல் 4.45 வரை. சஹர் முடிவு நேரம் மாத ஆரம்பத்தில் 5.20-ஐ ஒட்டி இருக்கும், போகப்போக சில நிமிடங்கள் முன்னால் வரும். அன்றன்றைய சரியான நேரத்துக்கு வாசலில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் பார்க்கவும். சோறு, ஆணம், ஒரு பொரியல், தயிர். வெள்ளிக்கிழமை சஹருக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும்.

யார் வரலாம்?

கஞ்சிக்கும் இஃப்தாருக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம். நம் மஹல்லாவா, சந்தா கட்டியவரா, முஸ்லிமா என்ற கேள்வி எதுவும் இல்லை. கஞ்சி வரிசையில் நிற்கிறவரிடம் "நோன்பா?" என்று கேட்பது நம் ஊரில் சகஜமாக வரும் வார்த்தை. ஊற்றுகிற தம்பிகள் அதைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், பயணத்தில் இருப்பவர், மாதவிலக்கில் இருக்கும் பெண், பால் கொடுக்கும் தாய், இவர்களுக்கெல்லாம் மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. அதற்கான காரணத்தை வாசலில் நின்று நம்மிடம் சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. சிறு பிள்ளைகள் வாளியோடு வந்தால் "வீட்டுல எத்தனை பேர், அத்தா என்ன வேலை" என்ற விசாரணையும் வேண்டாம். வாளியை நிரப்பி, மூடியை அழுத்தி, பார்த்துப் போகச் சொல்லி அனுப்பவும்.

சஹரில் மட்டும் ஒரு வரம்பு வைக்கவேண்டியிருக்கிறது. நம் சமையல்கூடத்தில் ஓர் இரவுக்கு 350 பேருக்குத்தான் ஆக்க முடியும். அதனால் அந்த நேரத்தில் சமைத்துச் சாப்பிட வழியில்லாதவர்களுக்கு முன்னுரிமை: அரசு மருத்துவமனையில் நோயாளியோடு தங்கியிருப்பவர்கள், ஹாஸ்டல் மாணவர்கள், லாட்ஜிலும் மேன்ஷனிலும் அறை எடுத்திருப்பவர்கள், இரவு ஷிப்டு பார்ப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள். அப்புறம், இந்த மாதம் வீட்டில் அடுப்பு எரிவது சிரமமாக இருக்கும் குடும்பங்கள். இதில் எந்த வகையில் வருகிறீர்கள் என்று எங்களிடம் சொல்லத் தேவையில்லை. ரேஷன் கார்டு, ஆதார், ஜமாஅத் கடிதம் எதுவும் கேட்கமாட்டோம். முந்தின இரவு 10 மணிக்குள், தராவீஹ் முடிந்த கையோடு, அலுவலக வாசலில் இருக்கும் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை மட்டும் எழுதிப் போட்டால் போதும். "4" என்று எழுதியிருந்தால் நாலு சாப்பாடு. பெயர் வேண்டாம். சீட்டுப் போட மறந்துவிட்டாலும் வந்துவிடுங்கள், 4.30-க்கு மேல் இருப்பதைப் பகிர்ந்துகொள்வோம்.

மருத்துவமனையில் இருப்பவர்கள் நோயாளியை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. புத்தூர் அரசு மருத்துவமனை பிரதான வாசலுக்கு எதிரே 3.45-க்கு நம் வண்டி நிற்கும்.

வெளியே வர முடியாத வீடுகளுக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்போம். ஆண்கள் இமாமிடமும், பெண்கள் பெண்கள் மதரஸா ஆலிமாவிடமும் தனியாகச் சொல்லலாம். அந்த முகவரிகள் அவர்கள் இருவரின் நோட்டில் மட்டும் இருக்கும். நிர்வாகக் கூட்டத்தில் அந்த நோட்டு வைக்கப்படாது, மாத முடிவில் கிழித்துவிடுவோம். கொண்டுவருகிற தம்பிகள் ஜமாஅத் பனியன் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நிர்வாகிகள் சிலர் வீட்டுக்கும் அதே டப்பாவில்தான் சஹர் போகப்போகிறது. தெருவில் டப்பாவைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது.

இந்தச் சாப்பாடு எந்தப் பணத்தில்?

பலர் தயங்குவது இதனால்தான், ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இது ஜகாத் பணம் அல்ல. ஜகாத்துக்குக் குர்ஆன் எட்டு வகையினரை வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கு தனி, அது இந்தச் சமையல்கூடத்துக்குள் வராது. கஞ்சிக்கு அரசு வழங்கும் பச்சரிசியும், மற்ற செலவுக்கு மஹல்லாவாசிகள் கொடுக்கும் பொதுவான நன்கொடையும்தான். எனவே வசதியுள்ளவர் சாப்பிட்டாலும் கூடும், இல்லாதவர் சாப்பிட்டாலும் கூடும். தகுதி பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

செலவில் பங்கெடுக்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் ரசீது வாங்கிக்கொள்ளலாம். நோன்பு திறக்க உணவு கொடுத்தவருக்கு, நோன்பு வைத்தவரின் நன்மை குறையாமலேயே அதே போன்ற நன்மை உண்டு என்பது நபிமொழி. ஆனால் "இன்றைய கஞ்சி இன்னார் உபயம்" என்று மைக்கில் சொல்ல மாட்டோம், பேனரும் கட்ட மாட்டோம். சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று குர்ஆன் (2:264) சொல்லியிருக்கும்போது மைக்குக்கு அங்கே என்ன வேலை? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆட்கள் இருக்கும்போது போட்டோ, வீடியோ எடுக்க அறவே அனுமதியில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காகத் தேக்சாவை மட்டும் எடுப்பதாக இருந்தாலும், பின்னால் நிற்கிறவர் முகமும் விழும். அதனால் ஆள் வருவதற்கு முன்பு எடுத்துக்கொள்ளவும். முன்வாசல் கண்காணிப்பு கேமரா செருப்பு வைக்கும் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கஞ்சி வரிசை அதில் தெரியாது.

ஊற்ற, விளம்ப, பார்சல் கட்ட ஆட்கள் வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் பிறைக்கு முந்தின வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மதரஸா ஹாலுக்கு வரவும். வேலை செய்கிறவர்களும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடவேண்டும், கடைசியில் அல்ல, எல்லோரோடும் உட்கார்ந்து.

பெருநாள் பிறை தெரிந்துவிட்டால் அந்த இரவு சஹர் இல்லை. 29-ஆம் நோன்பு அன்று சீட்டுப் போடுகிறவர்கள் பிறை அறிவிப்பு வந்த பிறகு போடவும். பள்ளிவாசல் வாளி வீட்டில் இருந்தால் பெருநாள் தொழுகைக்கு வரும்போது கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிவாசல் நிர்வாகக் குழு, திருச்சி