இடியாப்ப மாவுப் பொட்டலத்தில் இரும்புக் கம்பித் துண்டுகள்: நடவடிக்கை கோரும் புகார் மனு

நாள்: 14.10.2025
இடம்: கண்டனூர்

அனுப்புநர்
மெ. விசாலாட்சி,
சிவன் கோயில் வடக்குத் தெரு,
கண்டனூர், காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
சிவகங்கை மாவட்டம், சிவகங்கை.

பொருள்: இடியாப்ப மாவு 500 கிராம் பொட்டலத்தில் கம்பித் துண்டுகள் இருந்தது – அதே பேட்ச் மாவின் விற்பனையை உடனே நிறுத்தி, மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த சனிக்கிழமை (11.10.2025) மாலை காரைக்குடியில் ஒரு மளிகைக் கடையில் 500 கிராம் இடியாப்ப மாவுப் பொட்டலம் இரண்டு வாங்கினேன். பொட்டலம் 68 ரூபாய், இரண்டுக்கும் 136 ரூபாய். ரசீது இணைத்திருக்கிறேன். மறுநாள் காலை ஒன்றைப் பிரித்து இடியாப்பம் செய்தேன். சாப்பிடும்போது 78 வயதான என் மாமியாரின் ஈறில் ஏதோ குத்தி ரத்தம் வந்தது. வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால், ஒன்றரை செ.மீ. நீளத்தில் ஒரு கம்பி. முடியைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு முனை வளைந்து கொக்கி மாதிரி இருந்தது. அன்றே மருத்துவரிடம் காட்டினோம். மேலோட்டமான காயம்தான் என்று சொல்லி மருந்து கொடுத்தார். அந்தச் சீட்டின் நகலும் உள்ளது.

கம்பி எங்கள் அடுப்படியிலிருந்து விழுந்திருக்கலாமே என்ற கேள்வி வரும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவு பிழிந்தது பித்தளைக் குழலில். அதன் அச்சும் பித்தளை. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. இந்தக் கம்பி ஒட்டுகிறது. அப்புறம், பொட்டலத்தில் மீதி இருந்த மாவை வெள்ளைத் துணியில் கொட்டி, மேலே காந்தத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இன்னொரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அரை செ.மீ.தான் இருக்கும், ஆனால் அதே தடிமன், அதே நிறம், அதே மாதிரி வளைந்த முனை. இது தண்ணீர் படாத, குழலுக்குள் போகாத மாவு. ஆக, கம்பி பொட்டலத்தோடு வந்ததுதான்.

எங்கள் பக்கம் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மில்லில் கொடுத்து அரைத்துச் சலித்து வைப்பதுதான் காலகாலமாக வழக்கம். பக்கத்திலேயே புதுவயலில் இத்தனை அரிசி ஆலைகள் இருக்கும்போது சல்லடைக் கம்பி எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. குறுக்கும் நெடுக்கும் பின்னிய வலை அறுந்தால் துண்டுகளின் முனை இப்படித்தான் அலை அலையாக வளைந்திருக்கும். இது அறுந்த சல்லடையின் கம்பி என்றே நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல வேண்டியது உங்கள் ஆய்வகம். ஆனால் நான் நினைப்பது சரியாக இருந்தால், கம்பி என் பொட்டலத்தோடு நின்றிருக்காது. அன்றைக்கு அந்தச் சல்லடையில் இறங்கிய மாவு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ என்பதுதான் என் கவலை.

பொட்டலத்தில் அச்சிட்டுள்ள விவரங்கள்: பேட்ச் எண் 0417-பி. தயாரித்த நாள் 02.09.2025. பயன்படுத்த வேண்டிய கடைசி நாள் 01.03.2026. நிகர எடை 500 கிராம். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண் எல்லாம் படம் 2-இல் தெளிவாகப் படிக்க முடியும். நான் வாங்கிய இரண்டாவது பொட்டலமும் இதே பேட்ச்தான். அதைப் பிரிக்கவில்லை. ஒட்டு அப்படியே இருக்கிறது. ஆய்வுக்கு அதுதான் முக்கியம் என்று தனியாக வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பொட்டலத்திலுள்ள நுகர்வோர் தொடர்பு எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பேட்ச் எண்ணைக்கூட அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். கம்பியையும் பொட்டலத்தையும் கூரியரில் அனுப்பினால் பதிலுக்கு நான்கு புதுப் பொட்டலம் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். கையிலிருக்கும் ஒரே ஆதாரத்தை, யார் மீது புகாரோ அவர்களிடமே கொடுத்துவிட்டு நான் எதை வைத்துப் பேசுவது? கடையிலிருக்கும் மற்ற பொட்டலங்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மேலிடத்தில் சொல்கிறோம் என்பதுதான் பதில்.

கடைக்காரர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அடுக்கிலிருந்த அதே பேட்ச் பொட்டலங்களை அவரே இறக்கி, “தனியா எடுத்து வச்சிடறேன் ஆச்சி, ஆபீசர் வந்தா காட்டிக்கலாம்” என்றார். ஒன்பது பொட்டலங்கள் அவரிடம் இருக்கின்றன. சீல் வைத்த மாதிரி எடுக்க அவை உதவும். ஆனால் இது ஒரு கடை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று மற்றக் கடைகளில் இதே மாவு இன்றும் விற்றுக்கொண்டிருக்கலாம். வருகிற 20-ஆம் தேதி தீபாவளி. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் வந்து சேருகிற நேரம், பூட்டிக் கிடக்கிற வீடுகளில்கூட அடுப்பு எரியும். வந்திறங்கிய கையோடு அரிசி ஊறவைத்து இடிக்க யாருக்கும் நேரமிருக்காது, பொட்டல மாவைத்தான் வாங்குவார்கள். சின்னக் குழந்தைகள் மென்று பார்க்காமல் விழுங்குவார்கள். பண்டிகைக்கு முன்பே நடவடிக்கை வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் பிரிவு 54, உணவில் அயற்பொருள் இருந்தால் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. பாதுகாப்பற்ற உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் கடமை என்று பிரிவு 28 சொல்கிறது. எனக்கு அபராதத்தைவிட இந்த இரண்டாவதுதான் அவசரம்.

ஆகவே, 0417-பி பேட்ச் மாவின் விற்பனையை மாவட்டம் முழுவதும் நிறுத்தி, நிறுவனம் அதைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டுகிறேன். கடையிலுள்ள பொட்டலங்களிலிருந்து சட்டப்படி மாதிரி எடுத்து உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பி, அறிக்கையின் நகலை எனக்கும் தர வேண்டும். தயாரிப்புக் கூடத்தில் சல்லடையும், பொட்டலமிடும் முன் உலோகத்தைக் கண்டறியும் கருவியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நேரில் பார்க்க வேண்டும். அந்தக் கூடம் வேறு மாவட்டத்தில் இருந்தால், அங்குள்ள அலுவலருக்கு இந்த மனுவை அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பித் துண்டுகள் இரண்டையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியிலும், மீதி மாவைப் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவிலும் வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலர் நேரில் வந்தால் ஒப்புகை பெற்றுக்கொண்டு ஒப்படைப்பேன். தபாலில் அனுப்ப மாட்டேன். படங்களைத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பியிருக்கிறேன். மாமியாரின் சிகிச்சைச் செலவு, இழப்பீடு பற்றி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாக மனுச் செய்யும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் இதில் பதிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
மெ. விசாலாட்சி

இணைப்பு:
படம் 1 – பொட்டலத்தின் முன்பக்கம்
படம் 2 – பின்பக்கம்: பேட்ச் எண், தேதிகள், உரிம எண், தயாரிப்பாளர் முகவரி
படம் 3 – இடியாப்பத்தில் கிடைத்த கம்பி, அளவுகோலுக்குப் பக்கத்தில்
படம் 4 – உலர்ந்த மாவில் கிடைத்த துண்டு, காந்தத்தில் ஒட்டிய நிலையில்
படம் 5 – பிரிக்காத இரண்டாவது பொட்டலம், ஒட்டு தெரியும்படி
படம் 6 – பித்தளைக் குழலும் அச்சும்
கடை ரசீது நகல், மருத்துவர் சீட்டு நகல், என் ஆதார் நகல், கைபேசி எண்

நகல்: தயாரிப்பு நிறுவனத்தின் நுகர்வோர் தொடர்புப் பிரிவு (பொட்டலத்திலுள்ள மின்னஞ்சல் முகவரிக்கு), கடை உரிமையாளர்.