என்னங்க, இதை முழுசாப் படிங்க

கரூர்
வியாழன் இரவு

அன்புள்ள உங்களுக்கு,

ஈரோட்டில் ரயில் ஏறினால் டெல்லி போய்ச் சேர இரண்டு ராத்திரி ஆகும், அப்புறம் பானிப்பட். அத்தனை நேரமும் போனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது என்று போன தடவையே புலம்பினீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தைச் சட்டைகளுக்கு நடுவில் வைக்கிறேன். சண்டை போட எழுதவில்லை. வாயால் சொன்னால் பாதியில் ஏதாவது குறுக்கே வந்துவிடுகிறது. யூனிட்டிலிருந்து போன் வரும், அத்தை கூப்பிடுவார், இல்லையென்றால் நீங்களே "சரி சரி, புரிஞ்சுது" என்று எழுந்துவிடுவீர்கள். தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா?

மனை விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மனசில் முள்ளாக நிற்பது அதுதான்.

அன்றைக்கு அந்தத் தரகர் வந்து, லே-அவுட் வரைபடத்தை டைனிங் டேபிளில் விரித்து, மூலைக்கு ஒன்றாக நம் வீட்டு டம்ளர்களையே எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். கார்னர் மனை, முப்பதடி ரோடு, கிழக்குப் பார்த்தது என்று அடுக்கினார். நான் காப்பி வைத்துவிட்டு நின்றேன். "டிடிசிபி அப்ரூவல் இருக்குங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்துச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். "நீ உள்ள போய் முறுக்கு எடுத்துட்டு வா" என்றீர்கள். அத்தையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் எடுத்து வந்தேன். தட்டை வைக்கும்போது ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கைமாறிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி "என்ன, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

அப்ரூவல் பேப்பர் இருக்கிறதா, இல்லையா என்பதுகூட எனக்கு இரண்டாவதுதான். வேற்று ஆள் ஒருவர் முன்னால், நம் வீட்டில், நம் பணத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் முறுக்கு.

எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன், கேட்க ஆளில்லாமல் எனக்குள்ளேயே கிடக்கிறது. பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் மனை ஒன்பது லட்சத்துச் சொச்சம். என் பெயரில் பதிந்தால் ஒன்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார்கள். வில்லங்கமும் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம், சர்வே நம்பர் இருந்தால் போதும். தரகர் அதை மட்டும் இன்னும் தரவில்லை. இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

அடுத்தது ஆரம். உங்கள் தம்பிக்கு போர் போடப் பணம் வேண்டும் என்றதும் பீரோவிலிருந்து எடுத்துப் போய் அடகு வைத்துவிட்டீர்கள். மாமன் மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளத் தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பீரோவின் முன்னால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நின்றபோது கவிதான் "அப்பா எடுத்துட்டுப் போனாரும்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கொழுந்தனார் வீட்டுத் தென்னை காய்ந்துபோனதை நானும்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எண்ணூறு அடி தோண்டியும் புகைதான் வந்தது என்று அந்தப் பெண் அழுததும் என் தோளில் சாய்ந்துதான். "இப்படி ஒரு தேவை, உன் ஆரத்தை வைக்கலாமா?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கழற்றித் தந்திருப்பேன், எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்திருக்கும். எப்படியும் தரப்போகிறவள்தானே என்று நினைத்தீர்களோ என்னவோ. அதற்காகவாவது கேட்டிருக்கலாம்.

எங்கள் குழுவில் ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுப்பதென்றாலும் எல்லோரும் உட்கார்ந்து, தீர்மான நோட்டில் எழுதி, ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் நகரும். கையெழுத்து வராதவர்கூடக் கட்டை விரலை வைக்கிறார். அந்த நோட்டை எழுதுகிறவள் நான். வீட்டுக்கு வந்தால் தீர்மானம் நிறைவேறிய பிறகு சேதி மட்டும் வருகிறது, அதுவும் சில நேரம் வாட்ஸ்அப்பில்.

கவி விஷயம் அவசரம். பிளஸ் ஒன்னுக்கு பயோ-மேத்ஸ் என்று பள்ளியில் சொல்லிவிட்டு வந்துவிட்டீர்கள். உங்கள் அக்கா மகன் அதைப் படித்தான், நல்லா இருக்கிறான், எல்லாம் சரி. அவளுக்கு வணிகவியல் வேண்டும். ஆடிட்டராக வேண்டும் என்று எட்டாவதிலிருந்து சொல்கிறாள். யூனிட்டுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்க வருகிறாரே, அவரிடம் உட்கார்ந்து என்னென்னவோ கேட்டுக்கொண்டிருப்பாள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களிடம் சொல்லப் பயப்படுகிறாள். அடிப்பீர்கள் என்ற பயமில்லை, நீங்கள் ஒருநாளும் கை நீட்டியதில்லை. "சொன்னா மட்டும் கேட்கப் போறாரா?" என்கிறாள். பதினைந்து வயசுப் பிள்ளை வாயில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள்.

நான் பேசும்போது உங்கள் காது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. போனில் ஸ்கோர் ஓடும், "ம்" வரும். அம்மாவுக்கு மூட்டு தேய்ந்து, டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொன்னதை உங்களிடம் விவரமாகச் சொன்னேன். அடுத்த வாரம் என் அண்ணன் பேசியபோது "அப்படியா, எனக்கு யாருமே சொல்லலியே" என்றீர்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் எதுவும் பேசவில்லை.

இன்னொன்று. சில நாள் முழுக் காதும் கொடுத்துக் கேட்பீர்கள், ஆனால் இரண்டாவது வரியிலேயே தீர்ப்பு வந்துவிடும். குழுவில் ஒருத்தி தவணை கட்டாமல் என்மேலேயே பழி போட்டாள் என்று சொல்ல வந்தேன். "அந்தக் குழுவே வேண்டாம், விட்டுட்டு வா" என்று முடித்துவிட்டீர்கள். நான் விட்டுவிட்டு வர வழி கேட்கவில்லையே. அவள் சொன்ன வார்த்தை எனக்கு எப்படி வலித்தது என்பதை உங்களிடம் இறக்கி வைக்க வந்தேன். "அப்படியா சொன்னா?" என்று மட்டும் நீங்கள் கேட்டிருந்தால் மீதியை நானே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழுதக் கூச்சமாக இருப்பதையும் எழுதிவிடுகிறேன், இதை நீங்கள் மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நீங்கள் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். ரத்தத்துக்கு ஆள் பிடித்தது, காப்பீட்டு அட்டைக்கு அலைந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சிலேயே படுத்தது எல்லாம். உறவு முழுக்க "அவரைப் போல வருமா" என்றது. ஆனால் வார்டுக்குள் வந்தால் சலைன் பாட்டிலைப் பார்ப்பீர்கள், பில்லைப் பார்ப்பீர்கள், "சாப்டியா" என்பீர்கள், போய்விடுவீர்கள். ஒரு தரம் என் நெற்றியில் கை வைத்திருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி, அவருடைய வீட்டுக்காரர் எழுபது வயசுக்காரர், ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டியின் முடியைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தார். சிக்கு வந்தால் நிறுத்தி, விரலால் பிரித்து, மறுபடி வாரினார். நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

உங்களுக்கு அன்பில்லை என்று நான் எழுதவில்லை. அன்பில்லாத ஆளுக்கு யார் இவ்வளவு நீளக் கடிதம் எழுதுவார்கள்? இருப்பது எனக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். விளக்கை அணைத்த பிறகு மட்டும் என் பக்கம் கை நீளுகிறது. பகலில் சமையலறையைத் தாண்டும்போது ஒரு தரம் தோளைத் தொட்டுவிட்டுப் போனால் என்ன? கல்யாணமான புதுசில், பழனியிலிருந்து வந்த பஸ்ஸில், சால்வைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டே கரூர் வரை வந்தீர்கள். கண்டக்டர் சில்லறை கேட்டபோதுகூட இடது கையால்தான் பையைத் துழாவினீர்கள். அந்த ஆள் எங்கேயும் போய்விடவில்லை, வேலையும் கடனும் சேர்ந்து மறைத்து வைத்திருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை முன்னால் "இவளுக்கென்ன தெரியும்" என்பதையும் விட்டுவிடுங்கள். குழம்பில் உப்பு கூடினால் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தை வேண்டாம். அத்தை நல்லவர்தான், இருந்தாலும் நீங்கள் சொன்னால் அவரும் அதையே பிடித்துக்கொள்கிறார். அப்புறம் பிள்ளைகளும்.

இனி எப்படிச் செய்யலாம் என்று நானே ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யூனிட் திறக்காது. டிபன் முடித்ததும் ஒரு அரைமணி நேரம், போனை அறைக்குள் வைத்துவிட்டு, நாம் இரண்டு பேரும் உட்காரலாம். வரவு எவ்வளவு, யாருக்குத் தர வேண்டும், என்ன வாங்கப் போகிறோம் என்று நோட்டில் எழுதலாம். நோட்டு நான் போடுகிறேன். நாம் ஒத்துப்போகாவிட்டால் அடுத்த ஞாயிறு வரை தள்ளி வைப்போம். பத்தாயிரத்துக்கு மேல் போகும் எதுவானாலும், நகையானாலும், பிள்ளைகள் படிப்பானாலும், முன்னாலேயே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவோம். இது எனக்கும் சேர்த்துத்தான். யூனிட்டில் யாரை வேலைக்கு வைப்பது, எந்த ஆர்டரை எடுப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நஷ்டம் என்றால் மட்டும் மறைக்காதீர்கள். நீங்கள் ராத்திரியில் எழுந்து மொட்டை மாடியில் நடப்பதை நான் கவனிக்காமல் இல்லை.

இப்போதைக்கு இரண்டு காரியம். தரகரிடம் போனில் பேசி, மீதிப் பணத்துக்குப் பத்து நாள் தவணை வாங்குங்கள், சர்வே நம்பரையும் கேட்டு எனக்கு அனுப்புங்கள். வில்லங்கத்தை நான் எடுத்துப் பார்த்து வைக்கிறேன். கவியின் விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து இன்னும் போடவில்லை. திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி போன் போட்டு, "உனக்கு என்ன படிக்கணும்?" என்று அவளிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், அவள் பேச ஆரம்பிக்க நேரமெடுக்கும்.

பிரஷர் மாத்திரை பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருக்கிறது. பானிப்பட்டில் தண்ணீரைப் பாட்டிலிலேயே வாங்கிக் குடியுங்கள்.

உங்கள்
மலர்