பழைய பதிவேடுகள் பற்றிய சுற்றறிக்கை: யார், எதை, எந்தத் தேதிக்குள்

9 பிப்ரவரி 2026, திங்கள்
எல்லாப் பிரிவுகளுக்கும்

அலுவலகப் பதிவேடுகளை வகைப்படுத்துவது, ஸ்கேன் செய்வது, கழிப்பது பற்றித் தலைமை அலுவலகம் 2 பிப்ரவரி தேதியிட்டு அனுப்பிய சுற்றறிக்கை, போன வெள்ளிக்கிழமை 6-ஆம் தேதி நம் கைக்கு வந்தது. வந்தது ஸ்கேன் பிரதிதான். 4-ஆம் பக்கமும் 5-ஆம் பக்கமும் இடம் மாறியிருக்கின்றன, 6-ஆம் பக்கத்தில் முத்திரை எழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது, 8-ஆம் பக்கம் இல்லவே இல்லை. மொத்தத்தையும் இரண்டு முறை படித்து, தேதி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றின் முடிவிலும் மூலத்தின் பக்க எண் இருக்கிறது. சந்தேகம் வந்தால் என் வரிகளை நம்பி இருந்துவிடாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

மூலத்தில் "வேண்டும்" என்று இருப்பதை மட்டுமே கடமையாக எடுத்திருக்கிறேன். "செய்யலாம்", "செய்தால் நலம்" என்பவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை. வண்ண ஒட்டுச்சீட்டு, புதிய அலமாரி எல்லாம் அந்த வகைதான். அவற்றுக்காக யாரும் இப்போது நேரம் செலவழிக்க வேண்டாம்.

6 பிப்ரவரி முதல் (ஏற்கெனவே நடப்பில்)
எந்தப் பழைய காகிதத்தையும் கழிக்கவோ எடைக்குப் போடவோ கூடாது. யாருக்கு: எல்லோருக்கும், துப்புரவு ஒப்பந்தப் பணியாளர்கள் உட்பட. பதிவறை வாசலில் கட்டி வைத்திருக்கும் 14 மூட்டைகள் இந்தப் புதன்கிழமை வெளியே போவதாக இருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மேலே இருந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோது, பாதி மக்கிய ரசீதுப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு வரவுப் பதிவேடு இருந்தது. அதனால் மூட்டைகளை யாரும் நகர்த்தவும் வேண்டாம். (பக்கம் 1)

13 பிப்ரவரி, வெள்ளி
ஒவ்வொரு பிரிவும் ஒரு பொறுப்பாளரை எழுத்தில் நியமிக்க வேண்டும். யாருக்கு: பிரிவுத் தலைவர்கள். தற்காலிகப் பணியாளரை நியமிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். (பக்கம் 2)

20 பிப்ரவரி, வெள்ளி
31 மார்ச்சுக்குள் ஓய்வு பெறுகிறவர்களும் இடமாறுதலில் போகிறவர்களும் தங்கள் பொறுப்பில் உள்ள கோப்புகளின் பட்டியலைக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். நீண்ட விடுப்பில் இருப்பவர்களின் மேசையை, பிரிவுத் தலைவர் ஒரு சாட்சியோடு திறந்து பட்டியல் எடுக்க வேண்டும். விடுப்பில் இருப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுற்றறிக்கை அதைக் கேட்கவில்லை, ஆனால் அவருடைய மேசை அது. (பக்கம் 5, ஸ்கேனில் நான்காவதாக வரும்)

4 மார்ச், புதன்
எல்லாக் கோப்புகளையும் அ (நிரந்தரம்), ஆ (10 ஆண்டு), இ (3 ஆண்டு) என்று பிரித்து, படிவம் 1-இல் நிரப்பி அனுப்ப வேண்டும். யாருக்கு: எல்லாப் பிரிவுகளுக்கும். (பக்கம் 3, 9)

இந்தத் தேதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 3-ஆம் பக்கத்தில் "சுற்றறிக்கை நாளிலிருந்து 30 நாட்களுக்குள்" என்று இருக்கிறது. 9-ஆம் பக்கத்தில் படிவத்தின் அடிக்குறிப்போ "கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள்" என்கிறது. முதல் நாளைச் சேர்க்காமல் எண்ணினால் முதல் கணக்கில் 4 மார்ச் வரும். இரண்டாவது கணக்கில் 8 மார்ச், அது ஞாயிறு. எது சரி என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் எப்படி வந்தாலும் 4-ஆம் தேதிக்குள் முடித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. அதனால் நம் கெடு அதுதான். படிவங்களை மொத்தமாகச் சேர்த்து நான் அனுப்புவதால், 2 மார்ச் திங்கள் மாலைக்குள் என்னிடம் வந்துவிட வேண்டும்.

13 மார்ச், வெள்ளி
தணிக்கை ஆட்சேபம் தீராத கோப்புகளைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆட்சேப எண்ணும் ஆண்டும் குறித்துப் பட்டியல் தர வேண்டும். யாருக்கு: கணக்குப் பிரிவு மட்டும். இந்தத் தேதியில்தான் முத்திரை விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தாலும் இரண்டாவது இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. ஓசிஆர் போட்டுப் பார்த்ததில் 18 என்று வந்தது. ஆனால் அதே வரியில் "வெள்ளிக்கிழமைக்குள்" என்ற சொல் முத்திரைக்கு வெளியே தெளிவாக இருக்கிறது. 18 மார்ச் புதன், 13 மார்ச் வெள்ளி. ஆகவே 13. கணக்குப் பிரிவில் யாராவது 18 என்று ஏற்கெனவே குறித்திருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். (பக்கம் 6)

31 மார்ச், செவ்வாய்
அ வகைக் கோப்புகளில் 2015-க்கு முந்தையவற்றை ஸ்கேன் செய்து முடிக்க வேண்டும். யாருக்கு: பதிவறையும், அப்படிப்பட்ட கோப்புகள் வைத்திருக்கும் பிரிவுகளும். 300 டிபிஐ, PDF/A வடிவம், கோப்புப் பெயரில் வகை, ஆண்டு, எண் இந்த வரிசையில்: `A-2011-043.pdf`. ஸ்கேன் செய்வதற்கு முன் ஸ்டேப்ளர் பின்களைக் கையால் மெதுவாக எடுங்கள். துருப்பிடித்த பின்னை இழுத்தால் காகிதமும் சேர்ந்து வந்துவிடும். ஸ்கேன் செய்த பிறகும் மூலத்தைக் கழிக்கக் கூடாது, அ வகைக்கு அந்த அனுமதி எங்குமே இல்லை. (பக்கம் 4; ஸ்கேனில் ஐந்தாவதாக வரும்)

ஏப்ரல் முதல், மாதாமாதம் 5-ஆம் தேதிக்குள்
முன்னேற்ற அறிக்கை. யாருக்கு: பிரிவுப் பொறுப்பாளர்கள். 5-ஆம் தேதி விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாளில். (பக்கம் 6)

விலக்கு ஒன்றே ஒன்றுதான். வழக்கு நிலுவையில் உள்ள கோப்புகளை வகைப்படுத்தவும் வேண்டாம், ஸ்கேனுக்கு அனுப்பவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் அவற்றின் எண்ணிக்கையைப் படிவம் 1-இன் கடைசிப் பத்தியில் எழுத வேண்டும், விலக்கு என்று நினைத்து அதை வெற்றாக விட்டுவிடாதீர்கள். (பக்கம் 7)

காணாமல் போன 8-ஆம் பக்கம் இணைப்பு 2. பணிப்பதிவேடுகளையும் ஊழியர் தனிக்கோப்புகளையும் எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற அட்டவணை அதில் இருப்பதாக 7-ஆம் பக்கம் சொல்கிறது. அதை அனுமானத்தில் நிரப்ப நான் தயாராக இல்லை. ஒருவருடைய பணிப்பதிவேடு தவறான வகையில் விழுந்து மூன்றாண்டில் கழிக்கப்பட்டால், அவர் ஓய்வூதியத்துக்காக வந்து நிற்கும்போது நம்மிடம் காட்ட எதுவும் இருக்காது. விடுபட்ட பக்கத்தை இன்று காலை தொலைபேசியில் கேட்டுவிட்டு மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறேன். அது வரும்வரை இந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் அ வகை போலவே பாதுகாத்து வையுங்கள். படிவத்தில் அவற்றுக்கு எதிரே "இணைப்பு 2 வரவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். பக்கம் வந்ததும் இந்தப் பட்டியலைத் திருத்தி, மாறிய வரிக்குக் கீழே கோடிட்டு, புதுத் தேதி போட்டு அனுப்புவேன். மேலே 9 பிப்ரவரி என்று இருக்கும் பிரதி அதன் பிறகு செல்லாது.

பக்கங்களை வரிசைப்படுத்திய ஸ்கேன் பிரதி பொதுக் கோப்புறையில் இருக்கிறது. படிவம் 1-ஐ 40 பிரதி அச்செடுத்துப் பதிவறை மேசையில் வைத்திருக்கிறேன்.

பதிவறைப் பொறுப்பாளர்