ரூம் நம்பர் 17
(நகைச்சுவைத் தொடர், முதல் எபிசோடுக்கான கதைச்சுருக்கம், 25 நிமிடம்)

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய மேன்ஷன், மூன்றாவது மாடி. கேமரா இந்த அறையையும் வெளியே உள்ள குழாயடியையும் தாண்டாது.

சிவராமன், 57 வயது, திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த கருவூல அலுவலக எழுத்தர். நாலரைக்கு எழுந்து பனியனை நீவி மடிப்பவர். தினேஷ், 24, கால் சென்டரில் இரவு வேலை. மேன்ஷன் மேனேஜர் ஒரே கட்டிலை இருவருக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறார்: பகல் ஒருவருக்கு, இரவு ஒருவருக்கு. இருவருக்கும் அது தெரியாது. தலையணை தினமும் சூடாக இருப்பதேன் என்று சிவராமன் குழம்புகிறார். முதல் ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவு. கதை அங்கேதான் தொடங்குகிறது.

திரும்பத் திரும்ப வருபவை: சிவப்பு பெயின்ட்டில் 'சிவராமன்' என்று எழுதிய வாளி. ஒவ்வொரு எபிசோடிலும் அது வேறொருவர் கையில் இருக்கும். பெயரில் ஓர் எழுத்து அழிந்திருக்கும். அப்புறம், ஃபேன் ரெகுலேட்டர். அதில் இரண்டே வேகம்தான், நிற்பது, பறப்பது. காகிதம் பறக்கிற நேரத்தில்தான் சிவராமன் கணக்குப் பார்ப்பார். தூக்கத்தில் தினேஷ் வாடிக்கையாளரிடம் பேசுவான். சிவராமன் பொறுமையாகப் பதில் சொல்வார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இவர்கள் மனம்விட்டுப் பேசுவது அப்போது மட்டுமே.

முதல் எபிசோடு முடிவு: கட்டிலின் நடுவே சாக்பீஸ் கோடு. சிவராமன் பக்கம் நான்கு அங்குலம் கூடுதல். தினேஷ் அளந்து பார்க்கிறான். சரி என்று படுத்துக்கொள்கிறான்.