எதிர் எடை

ஏழாவது மாடியிலிருந்து கீழே கிளம்பிய லிஃப்ட், ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது. மேலே சின்ன அவசர விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளே இரண்டே பேர்.

அவள் எல்லாப் பட்டன்களையும் மாறி மாறி அழுத்தினாள். பிறகு கதவிடுக்கில் விரலை நுழைக்கப் போனாள்.

"வேண்டாம்மா. கதவை மட்டும் தொடாதே" என்றார் பெரியவர். மணிப் பட்டனை விடாமல் அழுத்தினார். ஆள் வந்துகொண்டிருப்பதாக ஒரு குரல் சொல்லிவிட்டு நின்றுபோனது.

"கயிறு அறுந்துட்டா என்ன பண்றது?"

"ஒரு கயிறா இருக்கு? நாலஞ்சு இருக்கும்மா. அத்தனையும் அறுந்தாலும், வேகம் கூடினதும் அடியில இருக்கற பிடி தண்டவாளத்தைக் கவ்விக்கும். 1854-லயே நியூயார்க்ல ஓட்டிஸ்னு ஒருத்தர், மேடை மேல நின்னுக்கிட்டு கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டிட்டார். மேடை விழலை."

"உங்களுக்கு எப்படி இதெல்லாம்?"

"வேலையே இதுதான். இப்ப ஓய்வு."

நன்றாகத்தான் பேசினார். ஆனால் சட்டைக் காலர் முழுக்க நனைந்திருந்தது. கைக்குட்டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"ஐயா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லம்மா. எப்பவும் மெஷின் ரூம்ல நின்னவன். உள்ள மாட்டினது இதுதான் முதல் தடவை." சுவரைப் பிடித்துக்கொண்டார். "காத்து வருதா?"

"வருது. கதவோரம் கையை வெச்சுப் பாருங்க." அவரைத் தரையில் உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தாள். அவருக்குப் பேச்சுத்தான் மருந்து என்று பட்டது. "மேல இப்ப என்ன பண்ணுவாங்க? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "முதல்ல மெயினை அணைப்பான். கதவெல்லாம் பூட்டியிருக்கான்னு பார்ப்பான். அப்புறம் பிரேக்கை விட்டுவிட்டுத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால சுத்துவான்."

"அப்ப கீழ இறங்குவோமா?"

"மேல போவோம்."

"எப்படி? நம்ம எடை இருக்கே?"

"அந்தப் பக்கம் எதிர் எடை தொங்குது. வெறும் பெட்டியோட கனம், அது போக ஏறக்கூடிய ஆளுங்கள்ல பாதிப் பேரோட கனம், ரெண்டையும் சேர்த்து வெச்சிருப்பாங்க. நாம ரெண்டே பேர். பிரேக்கை விட்டா அதுதான் இறங்கும், நாம ஏறுவோம்." கைக்குட்டை மடியில் கிடந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தராசாக்கி, ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றிக் காட்டினார். விரல்களில் நடுக்கம் குறைந்திருந்தது.

அப்போது காலடியில் தரை லேசாக அசைந்தது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

"மேலதான் போகுது ஐயா!"

"சொன்னேன்ல?" முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

கதவு திறந்தது. ஏழாம் மாடித் தளம் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஓர் இளைஞன் குனிந்து கையை நீட்டினான். "ஏறி வந்துடுங்க சார், ஒண்ணும் ஆகாது."

அவள் எழுந்தாள். பெரியவர் அவள் கையை விடவில்லை.

"ஏறும்போது பெட்டி நகர்ந்துட்டா நசுங்கிடுவோம் தம்பி. கதவைச் சாத்திட்டு, தளம் சமமா வர்ற வரைக்கும் சுத்தச் சொல்லு" என்றார். "நாங்க இருக்கோம்."