அரை கிளாஸ் ஸ்டவுட்

தீபாவளி மதியம். யீஷூனில் மகன் வீடு முழுக்க ஆட்டுக்கறிப் பிரட்டல் வாசம். கொழுந்தன் ஸ்டவுட் போத்தலைத் திறந்தார். பழக்கதோஷம், இரண்டு கிளாஸில் ஊற்றிவிட்டு அப்படியே நின்றார்.

“இங்க கொண்டாங்க தம்பி.”

“அண்ணி, நீங்களா?” ஒரு கிளாஸில் ஐஸ் போட்டு நீட்டினார்.

38 வருஷம் அந்த வாடையைத் திட்டியவள்தான். பழுப்பு நுரை மேலுதட்டில் ஒட்டியது. கருகின காப்பித்தூள் மாதிரி ஒரு கசப்பு. இதற்கா மனுஷன் சனிக்கிழமை தவறாமல் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடைக்கு ஓடினார்?

“எப்படிம்மா இருக்கு?” என்றான் மகன்.

“கண்றாவி.”

சொல்லிவிட்டு இன்னொரு மிடறு குடித்தாள்.

“அண்ணனுக்கு ஐஸ் போட்டா பிடிக்காது,” என்றார் கொழுந்தன், மெதுவாக.

அவள் பாயசக் கரண்டியை எடுத்து, ஐஸ்கட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே போட்டாள்.