டெஸ்க் ரிசர்ச், மார்க்கெட் ரிப்போர்ட்: மதுரையிலிருந்து, முதலிலேயே பேசிய கட்டணத்தில்

ஒரு வங்கியின் கடன் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். மேசைக்கு வந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் 'சந்தை வாய்ப்பு' என்று ஒரு பக்கம் இருக்கும். அப்பளத்துக்கும் ரப்பர் பாகத்துக்கும் ஒரே மாதிரி வாக்கியம், ஒரே மாதிரி வளர்ச்சி சதவீதம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தொழில் தொடங்க வந்தவர் ஆடிட்டரைக் காட்டுவார், ஆடிட்டர் இன்டர்நெட்டைக் காட்டுவார். அந்தப் பக்கத்தை ஒழுங்காக எழுதிக் கொடுப்பதுதான் இப்போது என் தொழில். வீடும் அலுவலகமும் கே.கே.நகரில்.

நான் செய்வது டெஸ்க் ரிசர்ச். அதாவது, ஏற்கெனவே பொதுவில் இருக்கும் தகவலைத் தேடி, சரிபார்த்து, உங்கள் கேள்விக்குப் பதிலாக எழுதுவது. மக்கள்தொகைக் கணக்கு, குடும்பச் செலவு சர்வே, ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரம், ஆண்டு தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, கம்பெனிகள் அரசிடம் தாக்கல் செய்யும் வரவு செலவுக் கணக்கு, விளைபொருள் சந்தை விலை ஆகியவற்றிலிருந்து எடுப்பேன். வீடு வீடாகப் போய் கேள்வித்தாள் நிரப்பும் சர்வே நான் செய்வதில்லை. அது வேண்டுமென்றால் அதற்கு ஆள் வைத்திருப்பவர்களிடம் போவதே நல்லது.

கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கேள்விக்கான குறிப்பு, ஐந்தாறு பக்கம், நான்கு வேலை நாள்: ₹4,500. முழு மார்க்கெட் ரிப்போர்ட், இருபது இருபத்தைந்து பக்கம், பன்னிரண்டு வேலை நாள்: ₹14,000. வேறு யாரோ எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டின் எண்களையும் ஆதாரங்களையும் மட்டும் சரிபார்க்க ₹3,000. எனக்கு ஒரு வாரம் கூடப் பிடித்தாலும் தொகை ஏறாது. அது நான் தப்பாகக் கணக்குப் போட்டதற்கு என் செலவு. ஆனால் பாதியில் நீங்கள் கேள்வியையே மாற்றினால் (அப்பளத்தில் ஆரம்பித்து வடகம், ஊறுகாய் என்று போனால்) புதிதாகப் பேசிக்கொள்வோம். பாதி முன்பணம், மீதி ரிப்போர்ட் கைக்கு வந்தபின். ஜிஎஸ்டி பதிவு எனக்கு இல்லை, வருமானம் இன்னும் 20 லட்சத்தைத் தொடவில்லை. அதனால் மேலே சொன்னதுதான் மொத்தத் தொகை.

இனி, இந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்கலாம்.

சாதாரண கேள்வி ஒன்று: மதுரையில் எத்தனை பேர்? 2011 கணக்கெடுப்பை எடுத்தால் மாநகராட்சிக்கு 10.17 லட்சம், சுற்றுப்புறம் சேர்ந்த நகரத் தொகுப்புக்கு 14.65 லட்சம், மாவட்டத்துக்கு 30.38 லட்சம். மூன்றும் சரி, மூன்றும் 'மதுரை'. அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு மாநகராட்சி எல்லை விரிந்து 72 வார்டு 100 ஆனது. ஆகவே 10.17 லட்சம் என்பது இன்றைய மாநகராட்சியின் பரப்பே அல்ல. ஒரு ரிப்போர்ட் எதை எடுத்தது என்று சொல்லாவிட்டால், உங்கள் கடைக்கு வரக்கூடிய ஆட்களின் கணக்கு அங்கேயே மூன்று மடங்கு வரை ஆடிவிடும்.

போன வருடம் அப்பளம் போடும் ஒருவர் வந்தார். தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் மாதம் எவ்வளவுக்கு அப்பளம் வாங்குகிறது என்பது அவர் கேள்வி. கையில் ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட், அதில் தசமப் புள்ளியோடு ஒரு எண். தோண்டிப் பார்த்தால், அது 2011–12 குடும்பச் செலவு சர்வேயிலிருந்து வந்திருந்தது. அந்தக் கேள்வித்தாளில் அப்பளமும் பூஜியாவும் மிக்சரும் ஒரே வரியில் இருக்கின்றன. தீபாவளி மிக்சரை எல்லாம் சேர்த்து அப்பளக் கணக்கில் போட்டிருந்தார்கள்! போதாததற்கு, சர்வே தருவது ஓர் ஆளுக்கான செலவு. ரிப்போர்ட் அதைக் குடும்பத்துக்கு என்று எழுதியிருந்தது. பழைய எண்ணை 2022–23 சர்வேயோடு ஒப்பிட்டு வளர்ச்சி காட்டுவதும் ஆகாது. இரண்டிலும் தகவல் திரட்டிய முறை வேறு. 'இந்தக் கேள்விக்குப் பொதுத் தகவலில் நேரடிப் பதில் இல்லை, மேல் வரம்பு மட்டும் சொல்ல முடியும்' என்று எழுதிக் கொடுத்தேன். முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் அவரே தன் விநியோகஸ்தர்களின் பில்களை எடுத்து வந்தார். என்னிடம் இருந்ததைவிட நல்ல ஆதாரம் அது.

தப்பு எனக்கும் நடந்திருக்கிறது. மல்லிகை ஏற்றுமதி பற்றிய ஒரு குறிப்பில் 0603 என்ற சரக்குக் குறியீட்டின் மொத்தத்தை மல்லிகை என்று போட்டுவிட்டேன். அதில் ரோஜா, கார்னேஷன், ஆர்க்கிட் என்று வெட்டிய பூக்கள் அத்தனையும் அடக்கம். குறிப்பைக் கேட்டவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்பவர், ஒரு பார்வையிலேயே 'இவ்வளவு பூ இங்கே ஏதுங்க?' என்றார். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தி எழுதினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று ஒரு வரி எழுதுகிறேன்.

ஆதாரம் சரிபார்ப்பது என்றால் எனக்கு இதுதான்: எண்ணை முதலில் சொன்னவர் யார் என்று போய்ப் பார்ப்பது. ஐந்து இணையதளத்தில் ஒரே எண் இருந்தால் ஐந்து ஆதாரம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ரிப்போர்ட் விற்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரச் செய்தியை ஐந்து பேரும் எடுத்துப் போட்டிருப்பார்கள். மில்லியன் லட்சமாக மாறும்போது பூஜ்யம் தொலையும். 'குறுந்தொழில்' என்ற சொல்லின் பொருளே மாறும்: குறுந்தொழிலுக்கு முதலீட்டு வரம்பு 2020 ஜூலையிலிருந்து 1 கோடி, 2025 ஏப்ரலிலிருந்து 2.5 கோடி. இரண்டு காலத்துக் கணக்கையும் ஒரே கோட்டில் வரைந்தால், முளைக்காத தொழில் முளைத்ததுபோலத் தெரியும்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கமே சுருக்கம். உங்கள் கேள்வி, என் பதில், அதை எவ்வளவு நம்பலாம். ஒவ்வொரு முக்கிய எண்ணுக்கும் 'உறுதி', 'ஓரளவு', 'ஊகம்' என்று மூன்றில் ஒரு குறி இருக்கும். ஊகம் என்றால் எப்படிக் கணக்குப் போட்டேன் என்பது எக்செல் கோப்பில் திறந்தே இருக்கும், நீங்களே மாற்றிப் பார்க்கலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ தருவேன். வங்கிக்கு ஆங்கிலம், அப்பாவுக்குத் தமிழ் என்று இரண்டும் கேட்பவர்கள் உண்டு. சுருக்கத்தை மட்டும் இரண்டு மொழியிலும் கூடுதல் காசில்லாமல் எழுதித் தருகிறேன்.

சில விஷயங்களுக்கு என்னிடம் வர வேண்டாம். கடன் கிடைக்கும்படி எண்ணை ஏற்றி எழுதித் தரமாட்டேன். போட்டிக் கடையின் விலைப்பட்டியலைக் கள்ளத்தனமாக வாங்கித் தரவும் மாட்டேன். உங்கள் ரிப்போர்ட்டை அதே தொழிலில் இருக்கும் இன்னொருவருக்கு விற்பதும் கிடையாது.

வேலையை எடுத்தபின் இரண்டு நாளுக்குள், கேள்விக்குப் பொதுத் தகவலில் பதில் கிடைக்காது என்று தெரிந்தால் சொல்லிவிடுவேன்; ₹1,000 போக முன்பணம் திரும்ப வரும். கொடுத்தபின் பதினைந்து நாளுக்குள் ஒரு முறை திருத்தம் கேட்கலாம். தப்பு என்னுடையது என்றால் நாள் கணக்கு கிடையாது.

மாதம் நான்கு வேலைக்கு மேல் எடுப்பதில்லை. பேச வரும்போது மூன்று விஷயம் எழுதிக் கொண்டுவாருங்கள்: என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள், பதில் 'வேண்டாம்' என்று வந்தால் என்ன செய்வீர்கள். மூன்றாவதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் முதலில் ஒரு காபி சாப்பிட்டுப் பேசுவோம், அதற்குக் கட்டணம் இல்லை.